குழு புராஜெக்டில் யாருக்கு எவ்வளவு மார்க்? சக மாணவர் மதிப்பீடு, சுய மதிப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பேர் பேட்ச்ல ஒருத்தர் ரெண்டு பேர்தான் வேலை செய்றாங்க. ஆனா நாலு பேருக்கும் ஒரே மார்க் போகுது. இதுக்கு கணக்கா ஒரு வழி இருக்கா?

இருக்கிறது. புராஜெக்டுக்கு ஒரு மார்க் போடுவது கைடின் வேலை. அந்த மார்க்கை உறுப்பினர்களுக்கு எந்த விகிதத்தில் கொண்டுபோவது என்பதை, உள்ளே இருந்து பார்த்த மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து முடிவு செய்வது. எடின்பரோவில் கோல்ட்ஃபின்ச், ரேசைட் என்ற இரு ஆசிரியர்கள் 1990இல் இப்படி ஒரு முறையை வெளியிட்டார்கள். பிறகு பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற மென்பொருள் ஒரு திருத்தப்பட்ட கணக்கைப் பரவலாக்கியது. மென்பொருள் இல்லாமலும் செய்யலாம்; ஒரு பேட்ச்சுக்கு ஒரு சின்ன ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

இந்தக் கணக்கில் நாலைந்து இடங்கள் சறுக்கலானவை. அங்கே கவனிக்காமல் விட்டால், நியாயத்துக்காகக் கொண்டுவந்த முறையே அநியாயம் செய்யும். இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த இடங்களைப் பற்றித்தான்.

மாணவர்கள்கிட்ட என்ன கேக்கணும்? "இவர் எவ்ளோ வேலை செஞ்சார், நூத்துக்கு எவ்ளோ"ன்னு கேட்டா போதாதா?

போதாது. அப்படிக் கேட்டால் நட்புக்குத்தான் மார்க் விழும். கண்ணால் பார்த்த நடத்தையைக் கேளுங்கள். நான்கு வரிகள் போதும்: ஒப்புக்கொண்ட வேலையைச் சொன்ன நாளில் முடித்தாரா, குழு கூடும்போது வந்து முடிவெடுப்பதில் கலந்துகொண்டாரா, அவர் கொடுத்த வேலையை மற்றவர் திருத்தாமல் பயன்படுத்த முடிந்ததா, இன்னொருவர் மாட்டிக்கொண்டபோது உதவினாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 20.

0, 3, 5 என்றால் என்ன என்று வார்த்தையில் எழுதிவையுங்கள். மூன்றாவது வரியை எடுத்துக்கொண்டால், "அப்படியே சேர்த்தோம்" 5, "ஒருமுறை திருப்பி அனுப்பினோம், அவரே சரிசெய்தார்" 3, "வேறொருவர் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது" 0. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் கேட்மீ என்ற கருவி முழுக்க இப்படித்தான் அமைந்திருக்கிறது. அதில் மாணவர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை, நடத்தையை விவரிக்கும் வாக்கியங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வாக்கியமாவது எழுதச் சொல்லுங்கள். "நல்லா பண்ணார்" என்பது கணக்கில் வராது. "ரிவ்யூவுக்கு முந்தின வாரம் சர்க்யூட் வேலை செய்யாதபோது ரெகுலேட்டரை மாற்றினார்" என்பது கணக்கில் வரும். பிற்பாடு சந்தேகம் வந்தால் எண்களைவிட இந்த வாக்கியங்களே கைகொடுக்கும்.

வந்த மார்க்கையெல்லாம் கூட்டி ஆளுக்கு ஒரு சராசரி எடுத்துட்டா வேலை முடிஞ்சுதே?

பலரும் விழும் முதல் குழி இதுதான். ஒரு கற்பனைப் பேட்ச்சை வைத்துப் பார்ப்போம். மண் ஈரத்தை அளந்து மோட்டாரை இயக்கும் புராஜெக்ட். கவிதா கோட், ரஃபீக் சர்க்யூட், செல்வி வயலில் அளவெடுப்பும் ரிப்போர்ட்டும், தினேஷ் ஆப். புராஜெக்டுக்கு கைடு போட்ட மார்க் 80. நால்வரும் கொடுத்த மதிப்பெண்கள், 20க்கு:

| கொடுத்தவர் | கவிதாவுக்கு | ரஃபீக்குக்கு | செல்விக்கு | தினேஷுக்கு |
|---|---|---|---|---|
| கவிதா | (18) | 18 | 14 | 10 |
| ரஃபீக் | 16 | (14) | 12 | 8 |
| செல்வி | 20 | 20 | (20) | 20 |
| தினேஷ் | 16 | 14 | 14 | (20) |

அடைப்புக்குள் இருப்பது சுய மதிப்பீடு. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் கொடுத்ததைக் கூட்டினால் கவிதா 52, ரஃபீக் 52, செல்வி 40, தினேஷ் 38. சராசரி 45.5. அதால் வகுத்தால் கவிதா 1.14, ரஃபீக் 1.14, செல்வி 0.88, தினேஷ் 0.84.

இப்போது ரஃபீக்கின் வரிசையைப் பாருங்கள். அவர் கை இறுக்கம். யாருக்குமே 16க்கு மேல் கொடுக்கவில்லை. அவருடைய அந்தச் சின்ன எண்கள் மற்ற மூவரின் கூட்டுத்தொகையைக் குறைக்கின்றன, அவருடையதை மட்டும் தொடுவதில்லை. செல்வி நேர் எதிர். எல்லாருக்கும் 20 என்று அள்ளிக்கொடுத்தார், அந்தத் தாராளத்தின் பலன் அவரைத் தவிர எல்லாருக்கும் போனது. ஆக, கஞ்சமாகப் போட்டவருக்கு லாபம், மனசாரப் போட்டவருக்கு நஷ்டம். மாணவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு செமஸ்டர் போதும். அதற்குப் பிறகு வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

அப்போ எப்படிக் கணக்குப் போடணும்?

ஒவ்வொருவரின் வரிசையையும் முதலில் பங்காக மாற்றுங்கள். அதாவது, ஒருவர் எவ்வளவு பெரிய எண்களைப் போட்டார் என்பதை மறந்துவிட்டு, தான் கொடுத்த மொத்தத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் எடுத்துக்கொள்வது. கவிதா மற்ற மூவருக்கும் கொடுத்தது 18, 14, 10, மொத்தம் 42. ரஃபீக்குக்கு 18/42 = 0.429, செல்விக்கு 0.333, தினேஷுக்கு 0.238. ரஃபீக்கின் வரிசை 36ஆல் வகுபடும்: கவிதாவுக்கு 0.444, செல்விக்கு 0.333, தினேஷுக்கு 0.222. செல்வி எல்லாருக்கும் ஒன்றுபோலப் போட்டதால் மூவருக்கும் 0.333. தினேஷின் வரிசை 44ஆல்: கவிதாவுக்கு 0.364, மற்ற இருவருக்கும் 0.318.

இப்போது ஒவ்வொருவரும் பெற்ற பங்குகளைக் கூட்டினால் கவிதா 1.14, ரஃபீக் 1.08, செல்வி 0.98, தினேஷ் 0.79. சராசரி தானாகவே 1 ஆகிவிடும். ரஃபீக்கின் போலி லாபம் போய்விட்டது, செல்வி 0.88இலிருந்து 0.98க்கு ஏறிவிட்டார். கொடுத்த எண்களில் ஒன்றைக்கூட நாம் மாற்றவில்லை.

இந்த எண்ணால் 80ஐ அப்படியே பெருக்கிவிடாதீர்கள். பாதி மார்க் எல்லாருக்கும் பொது, மறுபாதி மட்டும் இந்த எண்ணின்படி என்று வைப்பது என் பரிந்துரை. நாலே பேர் போட்ட எண்களுக்கு முழுப் பாரத்தையும் தாங்கும் வலு கிடையாது. அந்தக் கணக்கில் கவிதா 85.7, ரஃபீக் 83.2, செல்வி 79.4, தினேஷ் 71.7. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 14 மார்க் வித்தியாசம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும், யாரையும் கவிழ்த்துவிடாது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் மதிப்பெண்கள் B2 முதல் E5 வரை என்று வையுங்கள். ஒரு வரிசை ஒருவர் கொடுத்தது. தனக்குத் தானே போட்ட கட்டங்களைக் காலியாக விட்டு, சுய மதிப்பீட்டை வேறு தாளில் எழுதுங்கள். H2இல் முதல் சூத்திரத்தை இட்டு K5 வரை இழுங்கள். மற்ற இரண்டும் H6, H7இல் தொடங்கி K வரை.

```
=IF(B2="","",B2/SUM($B2:$E2))
=AVERAGE(H2:H5)*3
=80*MIN(1.1, 0.5+0.5*H6)
```

இரண்டாவது வரியில் `SUM` போடாமல் சராசரியை மூன்றால் பெருக்கியிருப்பதற்கும், மூன்றாவது வரியில் உள்ள 1.1க்கும் காரணம் கீழே வருகிறது. ஐந்து பேர் பேட்ச் என்றால் கட்டங்களின் எல்லையை ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் நீட்டி, 3 இருக்கும் இடத்தில் 4 போடுங்கள்.

சுய மதிப்பீட்டை மார்க்ல சேக்கணுமா வேண்டாமா? சேக்கலன்னா எதுக்குக் கேக்கணும்?

மார்க்கில் சேர்க்காதீர்கள், ஆனால் கட்டாயம் கேளுங்கள்.

சேர்த்தால் என்ன ஆகும் என்பதைத் தினேஷை வைத்தே பார்க்கலாம். அடைப்புக்குள் இருக்கும் எண்களையும் சேர்த்து மேற்படி கணக்கைப் போட்டால் அவருடைய எண் 0.79இலிருந்து 0.89க்கு ஏறுகிறது, மார்க் 71.7 போய் 75.6 வருகிறது. தனக்குத் தானே 20 போட்டுக்கொண்டதால் கிடைத்த நான்கு மார்க் அது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் வேலையெல்லாம் செய்துவிட்டுத் தனக்கு 12 போடுவார்கள். நம் வகுப்புகளில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். தன்னைப் பற்றித் தானே உயர்த்திச் சொல்லக்கூடாது என்று வீட்டில் கற்றுக்கொண்டதற்காக ஒருவருக்கு மார்க் குறைவதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் சுய மதிப்பீட்டை மற்றவர்கள் கொடுத்ததோடு ஒப்பிட்டால் கிடைக்கும் தகவல் வேறெங்கும் கிடைக்காது. அடைப்புக்குள் இருப்பதையும் மொத்தத்தில் சேர்த்துப் பங்குகளைப் போட்டு, தனக்கு எடுத்துக்கொண்ட பங்கை, மற்றவர் தனக்குக் கொடுத்த பங்குகளின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். மேலே உள்ள பேட்ச்சில் கவிதா 1.10, ரஃபீக் 1.09, செல்வி 1.08. எல்லாரும் தன் வேலையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பது இயல்பு. தான் உழைத்த இரவு தனக்கு நினைவிருக்கும், மற்றவர் உழைத்த இரவு தெரியாது. தினேஷுக்கு 1.63. இது இயல்பில் அடங்காது.

அந்த எண் தினேஷ் பொய் சொல்கிறார் என்று நிரூபிப்பதில்லை. இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறார். இரண்டு, ஆப்புக்காக உண்மையிலேயே இரண்டு மாதம் உழைத்திருக்கிறார், அது கடைசியில் பயன்படவில்லை, மற்றவர்கள் கண்ணில் படவில்லை. இரண்டையும் பிரித்தறிய அவரைத் தனியாகக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொல்ல வேண்டும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று காட்டுவதுதான் சுய மதிப்பீட்டின் வேலை. 0.7க்குக் கீழே வருபவரையும் கூப்பிடுங்கள். ஓரங்கட்டப்பட்டவரும் அங்கே இருப்பார், அளவுக்கு மீறிச் சுமந்துவிட்டுப் பேசாமல் இருப்பவரும் அங்கேதான் இருப்பார்.

ஒருத்தர் ஃபார்மையே குடுக்கலன்னா?

மேலே `AVERAGE` போட்டது இதற்காகத்தான். கூட்டுத்தொகை எடுத்திருந்தால் நடப்பது இது: மூவர் மட்டும் கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் சமமாகவே போடுகிறார்கள். கொடுக்காதவருக்கு மூன்று பேரிடமிருந்தும் பங்கு வருகிறது, மொத்தம் 1. கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேரிடமிருந்துதான் வரும், மொத்தம் 0.67. ஃபார்மைக் கொடுக்காமல் இருந்தவர் முன்னால் போய்விடுவார்! சுய மதிப்பீட்டை நீக்கிவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்ட பல ஷீட்டுகளில் இந்த ஓட்டை இருக்கும். வந்த பங்குகளின் சராசரியை எடுத்தால் எல்லாருக்கும் 1 என்றே வரும்.

ஃபார்ம் கொடுக்காததற்குத் தனியே இரண்டு மார்க் குறைப்பது என்றால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் குறையுங்கள். இந்தக் கணக்குக்குள் அதைக் கலக்க வேண்டாம்.

பசங்க பேசி வெச்சுட்டு எல்லாருக்கும் முழு மார்க் போட்டா என்ன பண்றது?

எல்லாருக்கும் 1 வரும், எல்லாருக்கும் 80 போகும். பழைய நிலைமைதான், மோசமாகிவிடவில்லை. நன்றாக வேலை செய்த பேட்ச்சிலும் இதே சமம் வரும் என்பதால் சமமாக இருப்பதையே குற்றமாகப் பார்க்காதீர்கள்.

பேசிவைத்ததா இல்லையா என்பது வாக்கியங்களில் தெரியும். உண்மையிலேயே சமமாக உழைத்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் வெவ்வேறு சம்பவத்தை எழுதுவார்கள். பேசிவைத்தவர்கள் நால்வரும் ஒரே வரியை எழுதியிருப்பார்கள், சில சமயம் எழுத்துப்பிழை உட்பட. பேசிவைப்பதைக் குறைக்க நான் நம்புவது இரண்டு விஷயங்களை. ஃபார்மை வகுப்பறையில், ஆளுக்கொரு சிஸ்டத்தில், பத்து நிமிடத்தில் நிரப்ப வைப்பது. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி "நாளைக்குள் போடுங்க" என்றால் இரவே பேச்சுவார்த்தை முடிந்துவிடும். இன்னொன்று, முதல் ரிவ்யூ முடிந்ததும் மார்க்குக்குக் கணக்கில்லாத ஒரு சுற்று நடத்துவது. அப்போது யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் உண்மை வரும், பின்தங்கியவருக்கு அதைத் திருத்திக்கொள்ள இரண்டு மாதமும் இருக்கும். கடைசிச் சுற்றில் எல்லாம் சமம், முதல் சுற்றில் ஒருவருக்கு மட்டும் 0.6 என்றால், நிஜமாகவே மாறினாரா என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

மூணு பேர் சேந்து ஒருத்தர மட்டும் கீழ தள்ளினா?

எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இது. மூன்று பேர் ஒரே ஹாஸ்டல், நான்காமவர் டே ஸ்காலர். அல்லது டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர். அல்லது தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர். சர்க்யூட்டை அவர்தான் போட்டிருப்பார், பிபிடியை இங்கிலீஷில் விளக்கியவருக்குத்தான் "நல்ல பங்களிப்பு" என்று விழும். சாதியும் இதில் புகும்; புகாது என்று நடிக்க வேண்டாம். பங்காக மாற்றும் கணக்கு கஞ்சத்தனத்தை நீக்குமே தவிர, மூன்று பேர் ஒரே திசையில் சாய்வதை நீக்காது.

அறிகுறி இருக்கிறது. மூன்று வரிசைகளும் ஒரே உருவத்தில் இருக்கும்: தங்களுக்குள் 18, 19, அவருக்கு மட்டும் 7. நான்காமவரின் வரிசை அதோடு ஒட்டாது, சுய மதிப்பீடும் ஒட்டாது. கேட்மீ இப்படி உட்குழு பிரியும் பேட்ச்சைத் தானே அடையாளம் காட்டி ஆசிரியருக்கு எச்சரிக்கை கொடுக்கும். நம் ஷீட்டில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆனால் நிஜமாகவே ஒன்றும் செய்யாதவருக்கும் இதே உருவம்தான் வரும் என்பதால், இங்கே எண்கள் நின்றுவிடுகின்றன. வைவா தொடங்குகிறது.

வேலையில் கை வைத்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். நம் கற்பனைப் பேட்ச்சின் மண் ஈர சென்சார் மலிவான, இரண்டு முள் உள்ள வகை என்றால், ஈரமண்ணில் மின்சாரத்தோடு தொடர்ந்து கிடக்கும்போது சில வாரங்களில் முள் அரித்துப்போய் அளவு விலகத் தொடங்கும். "மூன்றாவது வாரத்தில் ரீடிங் ஏன் இப்படி ஆகிவிட்டது?" என்று நால்வரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூவர் "சென்சார் எரர் சார்" என்பார்கள். சென்சாரை மண்ணிலிருந்து பிடுங்கிப் பார்த்தவர் முள் பச்சை பூத்திருந்ததைச் சொல்வார், அதற்குப் பிறகு அளவெடுக்கும்போது மட்டும் கரண்ட் கொடுத்ததையும் சொல்வார். தமிழில் சொல்லவிடுங்கள். அந்தப் பதிலும் அவருக்கு விழுந்த 7ம் பொருந்தவில்லை என்றால், அந்தப் பேட்ச்சுக்கு எண்களை ஒதுக்கிவிட்டு கைடே பிரித்துக் கொடுக்கலாம். அந்த அதிகாரம் கைடுக்கு உண்டு என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

இவ்ளோ எதுக்கு? கிட்ஹப்ல யார் எத்தனை கமிட்னு பாத்தா தெரிஞ்சிடுமே?

```
git shortlog -sn
```

இதைப் போட்டால் பெயரும் எண்ணும் வரும். ஆனால் பல பேட்ச்களில் நால்வரும் ஒரே லேப்டாப்பில் வேலை செய்திருப்பார்கள், எல்லா கமிட்டும் அந்த லேப்டாப்காரர் பெயரில் நிற்கும். சர்க்யூட் சால்டர் செய்ததும் வயலுக்குப் போய் அளவெடுத்ததும் இதில் வரவே வராது. தினேஷ் "ஆப்பை இரண்டு மாதம் செய்தேன்" என்று சொன்னால் அதைச் சரிபார்க்க இது உதவும். எண்ணிக்கையைப் பார்க்காமல், `git log` காட்டும் தேதிகளைப் பாருங்கள்.

சுத்தமா ஒண்ணுமே செய்யாதவருக்கும் இந்தக் கணக்குல மார்க் போகுதே?

போகிறது. மூவரும் அவருக்கு 0 போட்டாலும் பொதுப்பாதியில் 40 கிடைத்துவிடும். இன்னொரு பக்கம், மற்ற மூவரும் தங்களுக்குள் சமமாகவும், அவர் அந்த மூவருக்கும் சமமாகவும் போட்டிருந்தால் அவர்களின் எண் 1.33க்கு ஏறி மார்க் 93 ஆகும். 80 தகுதியுள்ள ஒரு புராஜெக்டுக்கு, பேட்ச்சில் ஒரு சோம்பேறி இருந்த காரணத்தால் 93! இதைத் தடுக்கத்தான் சூத்திரத்தில் 1.1 என்ற உச்சவரம்பு. நான்கு பேர் சுமையை மூவர் தூக்கியதற்கு ஓரளவு ஏற்றம் நியாயம், ஆகவே 88 வரை விடலாம். அமெரிக்கப் பொறியியல் ஆசிரியர்கள் காஃப்மன், ஃபெல்டர், ஃபுல்லர் 2000இல் எழுதிய முறையில் இந்த வரம்பு இன்னும் இறுக்கம், 1.05.

கீழ்ப்பக்கத்துக்குச் சூத்திரம் தேடாதீர்கள். 0.5க்குக் கீழே வந்தால் கணக்கு அவரை விட்டுவிடும், தனி வைவாவில் கைடு முடிவெடுப்பார் என்று விதி வையுங்கள். ஒன்றுமே செய்யாத ஒருவர் பெரும்பாலும் வெறும் சோம்பேறி அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், வீட்டில் யாரோ படுத்த படுக்கையாக இருப்பவர், முதல் வாரமே "உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்று உட்கார வைக்கப்பட்டவர் என்று பலர் அதில் இருப்பார்கள். அது ஷீட்டில் தெரியாது.

யார் யாருக்கு என்ன போட்டாங்கன்னு காட்டலாமா?

கூடாது. ஒருவருக்கு அவருடைய கடைசி எண்ணையும், நான்கு வரிகளில் எதில் குறைந்தது என்பதையும் மட்டும் காட்டுங்கள். எழுதிய வாக்கியங்களைக் காட்டாதீர்கள். நாலு பேர் பேட்ச்சில் யார் எழுதியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். மார்க் வெளியிட்ட பின் ஒரு வாரம் முறையீட்டுக்கு விடுங்கள், அது கைடிடம் தனியாக.

எங்க காலேஜ்ல ரெண்டு பேர், மூணு பேர் பேட்ச்தான். இது ஒத்துவருமா?

இரண்டு பேருக்கு ஒத்துவராது. ஒவ்வொருவரும் தன் முழுப் பங்கையும் மற்றவருக்கே கொடுத்தாக வேண்டும், ஆகவே என்ன எண் போட்டாலும் இருவருக்கும் 1தான் வரும். அங்கே தனி வைவாதான் வழி. மூன்று பேருக்குக் கணக்கு ஓடும், ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்வது இரண்டே பேர். ஒரு சண்டை போதும் எண் புரண்டுவிட. பாதிக்குப் பதில் கால்வாசி மார்க்கை மட்டும் இதன்படி வையுங்கள், சூத்திரத்தில் 0.75, 0.25 என்று. இன்டர்னல் மார்க்கில் மட்டும்தான் இதைச் செய்ய முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். வெளித்தேர்வாளர் போடும் மார்க்கைத் தொடும் உரிமை இந்த ஷீட்டுக்கு இல்லை.